குற்றவாளி மாத்திரைதானா?

எனக்குத் தொடை வலிக்க ஆரம்பித்தபோது பயத்துக்கு முன்னால் வந்தது ஒரு நிம்மதி. வெளியே சொல்லக் கூசுகிற விஷயம்தான். ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கதை பாதிதான் இருக்கும்.

சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வருடாந்தரப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 262, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 178 என்று வந்தது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டால், மாரடைப்பு வராமல் தடுக்க ஸ்டாட்டின் வகை மாத்திரை கொடுப்பது பரவலான வழக்கம். எனக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், ராத்திரி ஒன்று என்று டாக்டர் எழுதினார். "ஆயுசுக்கும் போடணுமா டாக்டர்?" என்றேன். "போட வேண்டியிருக்கும்மா" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரை டப்பாவில் இன்னொரு அறை நிரம்புவது, வயது ஒரு படி கூடிவிட்டதுபோல உறுத்தியது. நிறுத்த ஒரு நியாயம் கிடைத்தால் தேவலை என்று மனசு அன்றைக்கே தேட ஆரம்பித்திருக்க வேண்டும்.

சில வாரத்தில் நியாயம் கிடைத்தது. இரண்டு தொடையின் முன்பக்கமும் கனத்து வலித்தது. பழனியில் படியேறிவிட்டு வந்த மறுநாள் வலிக்குமே, அந்த மாதிரி. பிறகு இடுப்புக்குக் கீழே, பிறகு இரண்டு தோளிலும். ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் கேட்டவுடன் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "அந்த மாத்திரை யாருக்குமே ஆகாது அண்ணி. எங்க தெருவுல நாலு பேரு நிறுத்திட்டாங்க. நீங்களும் நிறுத்திடுங்க." எனக்கு அது தேனாக இருந்தது. ஆனாலும் டாக்டர் வாயாலேயே அதைக் கேட்டுவிட்டால் வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டு, கிளினிக்குக்குப் போனேன்.

"மாத்திரை ஒத்துக்கலை டாக்டர், உடம்பெல்லாம் வலி" என்று ஆரம்பித்தேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "எந்த இடம்? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? மூட்டா, சதையா? மாத்திரை ஆரம்பிச்சு எத்தனை வாரத்துல?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "வலி மட்டும்தானா, பலமும் குறைஞ்சிருக்கா?" என்றார். நான் முழித்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றியது.

நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொன்னார், ஐந்து தரம். முதல் இரண்டு தரம் எழுந்துவிட்டேன். மூன்றாவது தரம் என் வலது கை தானாகவே அவிழ்ந்து தொடையில் ஊன்றியது. நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். பிறகு தோளுக்கு நேராக இரண்டு கையையும் நீட்டச் சொல்லி மேலிருந்து அமுக்கினார். கை கொஞ்சம் இறங்கிற்று. "வீட்டுல கோலம் போடுவீங்களா? குந்தியிருந்து எழுந்திருக்கும்போது எதையாவது பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. சில மாதமாகவே நான் வாசல்படியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்துகொண்டிருந்தேன். பரணில் இருக்கிற டப்பாவை எடுக்க மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னல் போடும்போது நடுவில் கையை இறக்கி இளைப்பாறிக்கொண்டிருந்தேன். வலி ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே, ஏன், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே. அது எதையும் நான் நோயாக நினைக்கவில்லை. வயசு என்று நினைத்திருந்தேன்.

வலிக்கும் பலக்குறைவுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வலி என்பது நாம் உணர்வது. அதை நாம் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். பலக்குறைவு என்பது நேற்றுவரை செய்த காரியத்தை இன்றைக்குச் செய்ய முடியாமல் போவது. அதை வெளியிலிருந்து பார்க்கலாம், அளக்கலாம். ஸ்டாட்டினால் தசைக்குக் கெடுதல் வந்தால் பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய சதைகளில், அதாவது தொடை, இடுப்பு, தோள் இவற்றில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். கெண்டைக்காலும் வலிக்கலாம். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் தெரியும். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் குறைய ஆரம்பிக்கும். ஒரு முழங்கால் மட்டும் வலிப்பது மூட்டின் வேலை. பாதம் எரிவதும் ஊசி குத்துவதுபோல் இருப்பதும் சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பின் வேலை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது. இதையெல்லாம் நாம் "உடம்பு வலி" என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தால், அவரால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

"அப்ப மாத்திரையாலதான் வலியா?" என்று விடாமல் கேட்டேன். "இருக்கலாம். ஆனா வலியை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன்" என்றவர், லண்டனில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். 2020இல் வெளியானது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்ட 60 பேரைச் சேர்த்து, ஆளுக்கு 12 டப்பா கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் நிஜ மாத்திரை. நான்கில் மருந்தே இல்லாத, பார்க்க ஒன்றுபோல இருக்கிற வெறும் மாத்திரை. நான்கு டப்பா காலி. எந்த மாதம் நிஜம், எந்த மாதம் வெறும் மாத்திரை என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. தினமும் தன் உபாதைக்கு 100க்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். காலி டப்பா மாதங்களில் சராசரி 8. நிஜ மாத்திரை மாதங்களில் 16 சொச்சம். வெறும் மாத்திரை மாதங்களில் 15 சொச்சம்! அதாவது உபாதை பொய்யில்லை, நிஜமாகவே இரட்டிப்பாகியிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு மருந்தால் வந்ததல்ல, மாத்திரையை விழுங்குகிறோம் என்கிற எதிர்பார்ப்பால் வந்தது. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப்பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மனசு செய்கிற வேலை என்று சொன்னால் நடிக்கிறாய் என்று சொன்னதுபோலத்தானே நம் ஊரில் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் யோசித்தேன். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் தேவலை என்று விரும்பியவள் நான். உடம்பின் ஒவ்வொரு குத்தலையும் எடுத்து வைத்துப் பார்த்தவள் நான். அப்படிப்பட்டவளின் சாட்சியை மட்டும் வைத்து ஒரு மருந்தைத் தண்டிப்பது சரியா? அதே சமயம், "உங்க மனசுதான்" என்று ஒரு டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால், என் தொடையில் நிஜமாகவே இருந்த ஒன்று தப்பிப் போயிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாததை எதிர்பார்ப்பின் கணக்கில் எழுத முடியாது.

எனவே ரத்தப் பரிசோதனை. சி.பி.கே. என்பது தசைக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. தசை நார் அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கடுமையான வேலையோ உடற்பயிற்சியோ வேண்டாம், சதையில் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றார். அவற்றாலும் அந்த எண் ஏறிவிடுமாம். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ஈரல் பரிசோதனை, வைட்டமின் டி. "கொலஸ்ட்ரால் கூட இருந்தப்பவே தைராய்டும் பாத்திருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோலச் சொன்னார்.

சி.பி.கே. 410 வந்தது. என் ஆய்வகத் தாளில் பெண்களுக்கான உச்ச அளவு 170. ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் அவரே விளக்கினார். உச்ச அளவைப்போல நான்கு மடங்குக்குள் இருந்து, வலியும் தாங்கும்படி இருந்தால் அவசரமில்லை. மாத்திரையைத் தொடரலாமா, சிறிது நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரும் நோயாளியும் பேசி முடிவெடுக்கலாம். வலியோடு நான்கு மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். பத்து மடங்கைத் தாண்டினால் உடனே நிறுத்தி, சிறுநீரகத்தையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். எண் சரியாகவே இருந்தாலும் வலி மருந்தால் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எண் மட்டுமே தீர்ப்பு இல்லை.

என் தாளில் நிஜமான செய்தி வேறு வரியில் இருந்தது. டி.எஸ்.ஹெச். 38. சுமார் 4க்குள் இருக்க வேண்டியது.

தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டால் ஈரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எடுத்து அப்புறப்படுத்துகிற வேகம் குறைந்துவிடும், கொலஸ்ட்ரால் ஏறும். அதே தைராய்டுக் குறைவு தசையையும் பலவீனமாக்கும், சி.பி.கே.யையும் ஏற்றும். அந்தத் தசையின் மீது ஸ்டாட்டின் போய்ச் சேர்ந்தால் வலி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆக, எனக்குக் கொலஸ்ட்ரால் கூடியதற்கும், வாசல்படியைப் பிடித்து எழுந்ததற்கும், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனதற்கும் வேர் ஒன்றுதான். மலச்சிக்கல், முடி கொட்டுதல், மின்விசிறிக் காற்றே குளிர்வது, எதிலும் சுறுசுறுப்பு இல்லாதது எல்லாமே அந்த வேரிலிருந்து கிளம்பியவைதான். மாதவிலக்கு நின்ற வயதில் இதெல்லாம் இருக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டேன், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார். நாத்தனார் சொன்னபடி மாத்திரையை மட்டும் நிறுத்தியிருந்தால் வலி கொஞ்சம் குறைந்திருக்கும். மாத்திரைதான் குற்றவாளி என்று வழக்கு முடிந்திருக்கும். தைராய்டு அப்படியே இருந்திருக்கும்.

எனக்கு மாரடைப்பு வந்ததில்லை, ஸ்டென்ட் இல்லை. அதனால் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சில மாதம் நிறுத்தி வைப்பதில் பெரிய ஆபத்தில்லை என்று டாக்டர் நிறுத்தினார். தைராக்ஸின் குறைந்த அளவில் தொடங்கியது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்கு நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச். பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போனார். காபிக்காகக் காத்திருந்த அரை மணியை நான் திட்டாத நாளில்லை.

டி.எஸ்.ஹெச். சரியான அளவுக்கு வந்தபோது சி.பி.கே. 120க்கு இறங்கியிருந்தது. நாற்காலியிலிருந்து ஐந்து தரமும் கை ஊன்றாமல் எழுந்தேன். ஸ்டாட்டின் எதுவும் இல்லாமலேயே எல்.டி.எல். 178இலிருந்து 131க்கு வந்திருந்தது. "அப்ப இனிமே அந்த மாத்திரை வேண்டாம்தானே?" என்றேன். ஆசை விடவில்லை பாருங்கள். "சர்க்கரை இருக்குதேம்மா. உங்களுக்கு 100க்குக் கீழே போகணும்" என்றார். தைராய்டு சரியான பிறகு ஸ்டாட்டினை மறுபடி முயன்று பார்க்கலாம், ஆனால் வேறு வகை, குறைந்த அளவு என்று ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் எழுதினார். ஆசியக் கண்டத்துக்காரர்களின் ரத்தத்தில் இந்த மருந்து வெள்ளைக்காரர்களைவிட அதிகமாகத் தங்கும் என்பதால் 5 மில்லிகிராமில் தொடங்குவது நமக்குப் பொருத்தம் என்றார். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று விட்டு ஒரு நாள் கொடுத்துப் பார்ப்பது, ஸ்டாட்டின் அல்லாத எஸெட்டிமைப் மாதிரி மருந்துக்கு மாறுவது என்று வழிகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. எல்.டி.எல். 78இல் நிற்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், ஒத்துக்கொண்ட மாத்திரையே ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பது. காரணம், நடுவில் வந்து சேர்கிற வேறு மருந்து. அட்டோர்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் ஈரலில் சிதைப்பது ஒரு குறிப்பிட்ட நொதி. சில மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது அதே 20 மில்லிகிராம் ரத்தத்தில் பல மடங்காகச் சேர்ந்துவிடும். நம் ஊரில் படர்தாமரைக்கு மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற இட்ரகோனசோல் அப்படிப்பட்டது. நெஞ்சுச் சளிக்கும், வயிற்றுப் புண் கிருமிக்கான கூட்டு மருந்திலும் கொடுக்கிற கிளாரித்ரோமைசின் அப்படிப்பட்டது. தோல் டாக்டருக்கு நாம் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுவது தெரியாது. இதய டாக்டருக்கு நம் படர்தாமரை தெரியாது. இரண்டையும் தெரிந்தவர் நாம் ஒருவர்தான். அதனால் புது மருந்து எழுதுகிற எந்த டாக்டரிடமும் பழைய சீட்டையும் காட்டிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அவர்கள் மருந்தை மாற்றுவார்கள், அல்லது அந்தச் சில நாளுக்கு ஸ்டாட்டினை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

எப்போது டாக்டரிடம் போவது என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, சிறுநீரே குறைந்துபோனாலோ, காய்ச்சலோடு சதை தாங்க முடியாமல் வலித்தாலோ, எழுந்து நிற்கவே முடியாவிட்டாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை நார்கள் மொத்தமாக உடைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. மிக மிக அரிது. ஆனால் காத்திருக்க இடமில்லாதது. மாத்திரை தொடங்கிய அல்லது கூட்டிய சில வாரத்தில் இரண்டு தொடையிலோ இரண்டு தோளிலோ புதிதாக வலி வந்து விடாமல் இருந்தால், அல்லது படியேறுவது, தரையிலிருந்து எழுவது, தலை வாருவது முன்னைவிடக் கஷ்டமானால், அந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அடுத்த செக்கப் வரை வைத்திருக்கக் கூடாது. வந்துபோகிற சின்ன வலியை, வீக்கமும் சூடும் இல்லாத ஒரு பக்க வலியை அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் சாதாரண வலிக்காகத் தாங்களாக நிறுத்தக் கூடாது. முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு நிறுத்துவதில் இருக்கிற ஆபத்து என்னைப் போன்றவர்களைவிட அதிகம்.

மாத்திரையை நிறுத்திய பிறகும் பலக்குறைவு தொடர்ந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ அதை அலட்சியப்படுத்தக் கூடாது. லட்சத்தில் ஓரிருவருக்கு ஸ்டாட்டினைத் தொடர்ந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் நோய் வருவதுண்டு. மாத்திரையை நிறுத்துவதால் மட்டும் அது நிற்காது. அதற்குத் தனிப் பரிசோதனையும் தனி சிகிச்சையும் வேண்டும். "நிறுத்தியாச்சே, தானா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் அங்கே ஆபத்து.

இப்போதும் எனக்குச் சில நாள் தொடை வலிக்கிறது. வலித்தால் முதலில் சந்தேகம் மாத்திரை மேல்தான் போகிறது; அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் வலியைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தரம் எழுந்து பார்க்கிறேன். எழ முடிந்தால் வேலையைப் பார்க்கிறேன். முடியாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்து, எந்த இடம், எந்த நாளிலிருந்து, எதைச் செய்ய முடியவில்லை, நடுவில் என்ன மருந்து சாப்பிட்டேன் என்று நான்கையும் சொல்வேன். "உடம்பெல்லாம் வலி" என்று மட்டும் சொல்ல மாட்டேன்.